சம்பளம் நகரவில்லை, வேலையை விட்டுப் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 35 வயது முடிந்துவிட்டது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா. பத்து வருடமாகக் கட்டடப் பராமரிப்பு வேலை. இப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தில் டெக்னிக்கல் சூப்பர்வைசர். கட்டடத்தைக் குளிரூட்டும் நீருக்கான சில்லர், பம்ப், கூலிங் டவர் எல்லாம் என் பொறுப்பில்தான். சம்பளம் 3,800 வெள்ளி, ஷிஃப்ட் மாறி மாறி வரும். நான்கு வருடமாகச் சம்பளம் நகரவில்லை. மனைவிக்கு 2,900 வெள்ளி. வீட்டுச் செலவுக்குக் கையிலிருந்து மாதம் 4,300 போகிறது. வீவக தவணை 1,150. இருவர் மசேநியிலிருந்தும் பாதிப் பாதி. சேமிப்பு 22,000. வேலையை விட்டுவிட்டு ஆறு மாத முழுநேர டேட்டா அனலிட்டிக்ஸ் பயிற்சிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். மானியம் போகக் கட்டணம் 3,400. "40 வயதானால் அரசாங்கம் உதவித்தொகை தரும், அதுவரை பொறுங்கள்" என்கிறார் மனைவி. 50 வயதிலும் நல்ல சம்பளம் வாங்க எந்த வழி சரி?
— வாசகர், ஈசூன்

பதில்: வேலையை விடாதீர்கள். 40 வயது வரை காத்திருக்கவும் வேண்டாம். டேட்டா படிப்பு உங்களுக்குப் பயன்படும். ஆனால் அதைப் புதிய துறைக்குள் நுழையும் சீட்டாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் சில்லர் அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை உங்கள் கணக்கிலிருந்தே காட்டுகிறேன்.

முழுநேரப் பயிற்சியின் விலை 3,400 வெள்ளி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையான விலை நின்றுபோகும் சம்பளம். உங்கள் 3,800 வெள்ளிக்கு முதலாளி 17 விழுக்காடு, அதாவது 646 வெள்ளி, மசேநியில் போடுகிறார். ஆக மாதம் 4,446 வெள்ளி நிற்கும். பயிற்சி ஆறு மாதம், வேலை தேட நான்கு மாதம் என்று வைத்தால் 44,460. கட்டணத்தையும் சேர்த்தால் 47,860 வெள்ளி. புது வேலையில் 500 வெள்ளி கூடக் கிடைத்தாலும், முதலாளி பங்கோடு அது வருடத்துக்கு 7,020 வெள்ளிதான். விட்டதைப் பிடிக்கவே ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். உங்களுக்கு 42 வயது தாண்டியிருக்கும்.

அதைவிட அவசரமான கணக்கு ஒன்று இருக்கிறது. மனைவியின் கைக்கு வருவது 2,320 வெள்ளி. செலவு 4,300. மாதம் 1,980 சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். கட்டணம் போக மீதி 18,600 வெள்ளி ஒன்பதரை மாதத்துக்குள் தீர்ந்துவிடும். பயிற்சி முடிந்து மூன்று மாதத்துக்குள் வேலை கிடைத்தாக வேண்டும் என்று பொருள். அந்த நெருக்கடியில் இருப்பவர் முதலில் வரும் வேலையை, வரும் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வார். நீண்டகாலச் சம்பளம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஏனென்றால் அடுத்த சில வருடங்களுக்கு உயர்வெல்லாம் அந்த எண்ணின் மேல்தான் கணக்கிடப்படும்.

மசேநியையும் பாருங்கள். 35 முடிந்த மறுமாதத்திலிருந்து சாதாரணக் கணக்குக்குப் போகும் பங்கு சம்பளத்தில் 23 விழுக்காட்டிலிருந்து 21 ஆகக் குறைகிறது. சிறப்புக் கணக்குக்கும் மெடிசேவுக்கும் ஒவ்வொரு விழுக்காடு கூடுகிறது. உங்கள் சாதாரணக் கணக்கில் இப்போது மாதம் 798 வெள்ளி ஏறி, தவணைக்கு 575 இறங்குகிறது. மீதி 223 தங்குகிறது. வேலையை விட்டால் ஏறுவது நின்று, 575 இறங்குவது மட்டும் தொடரும். கையில் காசு குறைவது தினமும் தெரியும், இது தெரியாது. அதனால்தான் பலர் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள்.

சரி, டேட்டா வேலையில் 50 வயதில் நிறையச் சம்பளம் இருந்தால் இத்தனை இழப்பும் தகும் அல்லவா? இருக்கலாம். அதை ஊகிக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். MyCareersFuture தளத்தில் வரும் விளம்பரங்களில் சம்பள வரம்பு போட்டிருக்கும். எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். மூன்று வேலைகளைத் தேடுங்கள்: இப்போது நீங்கள் பார்க்கும் வேலைக்கு Facilities Supervisor, போக நினைக்கும் வேலைக்கு Data Analyst, மூன்றாவதாக Energy Engineer. ஒவ்வொன்றுக்கும் முப்பது விளம்பரங்களை எடுத்து, குறைந்த சம்பளம், அதிகச் சம்பளம், கேட்கும் அனுபவம், கட்டாயம் என்று கேட்கும் சான்றிதழ், விண்ணப்பித்தோர் எண்ணிக்கை என ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே வேலையை இரண்டு மூன்று முகவர்கள் போட்டிருப்பார்கள். வேலை விவரம் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள்.

பிறகு சராசரி பார்க்க வேண்டாம். இரண்டு எண்கள் போதும். இரண்டு வருட அனுபவம் கேட்கும் விளம்பரங்களில் குறைந்த சம்பளம் எவ்வளவு? துறை மாறி வருபவருக்கு வரம்பின் கீழ்ப்பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருட அனுபவம் கேட்கும் விளம்பரங்களில் அதிகச் சம்பளம் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அந்த வேலையின் உயரம். நுழையும்போது சம்பளம் நன்றாக இருந்து, பத்து வருடத்துக்குப் பிறகும் அதே இடத்தில் நிற்கும் வேலைகள் உண்டு. உங்கள் இப்போதைய வேலை அதில் ஒன்று என்பதை முப்பது விளம்பரங்கள் காட்டிவிடும். நான்கு வருடமாகச் சம்பளம் நகராததற்கு உங்கள் குறை காரணமில்லை என்பதும் தெளிவாகும். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு உயரம் உண்டு. ஆனால் நுழைவாயிலில் நிற்பவர்களின் எண்ணிக்கையையும் அதே தாளில் பாருங்கள். புதுப் பட்டதாரிகளோடு, ஆறு மாதச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 36 வயதில் அந்த வரிசையில் நிற்பது வீண் போட்டி. உங்கள் பத்து வருட அனுபவத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

அந்த அனுபவத்துக்கு மதிப்பெண் கிடைக்கும் இடம் மூன்றாவது வேலை. கட்டடங்களின் மின்செலவை அளந்து, காரணம் கண்டுபிடித்து, குறைத்துக் காட்டும் வேலை. இதற்கு ஆள் தேவைப்படுவது ஃபேஷனால் வந்ததல்ல. மையக் குளிரூட்டும் முறை உள்ள கட்டடங்கள் பலவற்றுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை குளிரூட்டும் முறையின் எரிசக்தித் தணிக்கை செய்யக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதி இருக்கிறது. 2025இல் அதற்கு மேல் இன்னொன்று வந்தது: 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள, அதிக மின்சாரம் தின்னும் கட்டடங்கள் தணிக்கை செய்து, எரிசக்திப் பயன்பாட்டைப் பத்து விழுக்காடு குறைக்க வேண்டும். கரிம வரி 2023 வரை ஒரு டன் கரிம வெளியேற்றத்துக்கு 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. அதைக் கட்டுவது பெரிய ஆலைகளும் மின்னிலையங்களும்தான், ஆனால் மின்கட்டணத்தில் அது உங்கள் கட்டட உரிமையாளர் வரை வந்து சேர்கிறது. சட்டமும் கட்டணமும் சேர்ந்து தள்ளும் வேலைக்கு ஆயுள் கொஞ்சம் கூடுதல்.

இப்போது சில்லர் அறைக்குள் போவோம். நீங்கள் தினமும் பார்க்கும் எண்களை வைத்தே சொல்கிறேன். பகல் 2 மணிக்குக் குளிர்நீர் ஓட்டம் நொடிக்கு 45 லிட்டர். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் வெப்ப வேறுபாடு 5.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

```
RT = L/s × 4.19 × ΔT ÷ 3.517
   = 45 × 4.19 × 5.5 ÷ 3.517 = 295
```

குளிரூட்டும் சுமை 295 RT, அதாவது 295 குளிரூட்டல் டன். இந்த டன் எடையல்ல, குளிரூட்டும் அளவின் அலகு. அந்த நேரத்தில் சில்லர் 196 கிலோவாட், குளிர்நீர் பம்ப் 20, கண்டென்சர் பம்ப் 25, டவர் விசிறி 10. மொத்தம் 251 கிலோவாட். 251ஐ 295ஆல் வகுத்தால் டன்னுக்கு 0.85 கிலோவாட். நன்றாக ஓடும் குளிரூட்டு நிலையம் 0.65இல் ஓடும். வித்தியாசம் 0.2தான். சராசரிச் சுமை 300 டன், வருடத்துக்கு 2,750 மணி நேரம், யூனிட் 25 காசு என்று போட்டுப் பாருங்கள்: 165,000 யூனிட், 41,250 வெள்ளி. உங்கள் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒருவர் கண்டுபிடிப்பதன் மதிப்பைக் கணக்காளர் வெள்ளியில் எழுத முடிகிற வேலையில்தான் சம்பளம் உயர இடமிருக்கும். பழுதை உடனே சரிசெய்பவரை எல்லாரும் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை வெள்ளியாக மாற்றும் வழி கணக்கேட்டில் இல்லை.

டேட்டா படிப்பு இங்கேதான் வருகிறது. சில்லர் அறையில் நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் இரண்டு வாரத்துக்கு 20,160 வரிசைகள். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு அளவீடுகள். அதைச் சுத்தம் செய்து, விட்டுப்போன நிமிடங்களைக் கண்டுபிடித்து, சுமைக்கு எதிரே டன்னுக்கான கிலோவாட்டை வரைபடமாக்கத் தெரிந்தால் போதும். இதைச் செய்யத் தெரிந்த டேட்டா ஆட்களுக்கு அந்த எண் ஏன் காலை 8 மணிக்கு எகிறுகிறது என்று தெரியாது. சில்லர் தெரிந்தவர்கள் பலருக்கு வரைபடம் வராது. இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

எனவே முதல் நான்கு மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: உங்கள் நிலையத்தைப் பற்றி இரண்டு பக்க அறிக்கை. பதிவுகள் கட்டட உரிமையாளருக்குச் சொந்தம், அதனால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெளியே காட்டும் பிரதியில் கட்டடப் பெயரும் வாடகைதாரர் பெயரும் இருக்கக் கூடாது.

அறிக்கையில் முதலில் வர வேண்டியது வெப்பச் சமநிலை. சில்லரின் ஆவியாக்கி குளிர்நீரிலிருந்து எடுத்த வெப்பமும் சில்லருக்குக் கொடுத்த மின்சாரமும் சேர்ந்தது கண்டென்சர் வெளியேற்றிய வெப்பத்துக்குச் சமமாக வர வேண்டும். மேலே உள்ள கணக்கில் 295 டன் சுமை என்பது 1,037 கிலோவாட். அதுவும் சில்லரின் 196ம் சேர்ந்து 1,233. கண்டென்சர் பக்கம் ஓட்டம் 55 லிட்டர், வேறுபாடு 5.2 டிகிரி என்றால் 1,198. வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குள். பதிவுகளில் 80 விழுக்காடாவது 5 விழுக்காடு கூடுதல் குறைவுக்குள் இருக்க வேண்டும் என்பதே இங்குள்ள தணிக்கை அளவுகோல். அது வராவிட்டால் மற்ற எண்கள் எதையும் நம்ப முடியாது. பெரும்பாலும் குற்றவாளி வெப்பநிலை உணரிதான். 5.5 டிகிரி வேறுபாட்டில் அரை டிகிரி பிசகினாலே சுமைக் கணக்கு 9 விழுக்காடு தவறிவிடும். நேர்காணலில் அனுபவமுள்ள பொறியாளர் முதலில் கேட்பது இதைத்தான். இதைக் காட்டாமல் அழகான வரைபடம் மட்டும் காட்டுபவரை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து, ஒரே ஒரு குறை, அதற்கு ஒரு திருத்தம், முன்னும் பின்னும் எண்கள். உதாரணமாக, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருந்தும் குளிர்நீர் பம்ப் நாள் முழுவதும் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறதா என்று பாருங்கள். பல நிலையங்களில் ஏதோ ஒரு புகார் வந்த நாளில் கைமுறைக்கு மாற்றி, அப்படியே விட்டிருப்பார்கள். அதன் அடையாளம்: சுமை குறைந்த நேரத்தில் வெப்ப வேறுபாடு 3 டிகிரிக்குச் சரிந்து, ஓட்டம் மட்டும் குறையாமல் இருக்கும். பம்பின் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கணக்குப்படி 20 கிலோவாட் ஏறத்தாழ 10 ஆகும். குழாயில் வைத்திருக்கும் அழுத்தக் கட்டுப்பாட்டால் நடைமுறையில் அவ்வளவு குறையாது. எவ்வளவு குறைந்தது என்பதை நீங்கள் அளந்து எழுத வேண்டும். மழை நாளையும் வெயில் நாளையும் ஒப்பிட்டுச் சேமிப்பு என்று காட்டாதீர்கள். ஒரே சுமையில் உள்ள நிமிடங்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். மேல்தளத்தில் குளிர் குறைந்ததாகப் புகார் வந்ததா என்பதையும் எழுதுங்கள். வந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம்.

நான்கு மாதத்தில் இந்த அறிக்கை முடியவில்லை என்றால் காரணத்தை நேர்மையாகப் பாருங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டடம் உங்களுக்கு உதவாது. அடுத்த வேலையைத் தேடும்போது பதிவு எடுக்க வசதியுள்ள இடமாகப் பாருங்கள். அனுமதி கிடைத்தும் கணினி முன் உட்காரவே பிடிக்கவில்லை என்றால், 3,400 வெள்ளி கட்டாமலே அந்த உண்மை தெரிந்தது நல்லது.

படிப்புக்கு முழுநேரம் தேவையில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரிகள் பணியில் இருப்போருக்கு நடத்தும் பகுதிநேரச் சிறப்பு டிப்ளோமா பொதுவாக ஒரு வருடம். ஆறு ஆறு மாதமாக இரண்டு சான்றிதழ்கள், வாரத்தில் இரண்டு மூன்று மாலை வகுப்புகள். எரிசக்தி, டேட்டா இரண்டு துறைகளிலும் உண்டு. 40 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மானியம் பாடத்தைப் பொறுத்துப் பாதியிலிருந்து 70 விழுக்காடு வரை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் முதலில் கொடுத்த 500 வெள்ளியைத் தொடாமல் வைத்திருந்தால் அது இன்னும் இருக்கும். 2020இல் சேர்த்த கூடுதல் 500 வெள்ளி 2025 டிசம்பர் 31ஓடு காலாவதியாகிவிட்டது. இதைப் படிக்கும் நிரந்தரவாசிகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது, மானியம் உண்டு.

உங்கள் விஷயத்தில் படிப்பைக் கெடுக்கப்போவது பாடத்தின் கடினமில்லை, ஷிஃப்ட்தான். மானியப் படிப்புக்குக் குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இரவு ஷிஃப்ட் என்றாலே வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதற்குமேல் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? வருகை குறைந்தால் மானியத் தொகையை உங்களிடமே கேட்பார்கள். ஆகவே சேருவதற்கு முன்பே பகல் ஷிஃப்டை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஷிஃப்டுக்குக் கிடைக்கும் படித்தொகை குறையும். அந்தத் தொகையையும் படிப்புச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைக் கம்பெனி கட்டுவதாகச் சொன்னால் சந்தோஷம், ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். எத்தனை மாதம் இருக்க வேண்டும். அந்த மாதங்கள் படிப்பு தொடங்கிய நாளிலிருந்தா, முடிந்த நாளிலிருந்தா. நடுவில் போனால் முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு உரியதா. 2,400 வெள்ளிக்கு 24 மாத ஒப்பந்தம், மாதக் கணக்கில் குறையும் என்றால், 15 மாதத்தில் போனால் 900 வெள்ளி கட்டினால் போதும். அது பயப்பட வேண்டிய தொகை இல்லை. "முழுத் தொகையும் அந்தக் காலத்துச் சம்பளமும்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளியே போகும் நேரம் வரும்போது வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூரின் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் இருக்கிறது. இதில் ஒரு பொதுவான குழப்பம் உண்டு. இது படித்துவிட்டு வேலை தேடும் திட்டமில்லை. நிறுவனம் முதலில் உங்களை வேலைக்கு எடுக்கும், பிறகு பயிற்சி, பயிற்சிக் காலத்தில் உங்களுக்கு முழுச் சம்பளம். அதில் ஒரு பங்கை அரசாங்கம் நிறுவனத்துக்குத் திருப்பித் தரும்: பொதுவாக 70 விழுக்காடு வரை, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 90 வரை. ஆகவே சொந்தக் காசில் ஏதாவது பெரிய படிப்பில் சேரும் முன், நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு அத்தகைய திட்டம் அப்போது நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நேர்காணலில் "இந்தத் திட்டத்தின்கீழ் எடுக்க முடியுமா" என்று நீங்களே கேட்பதில் தவறில்லை. சிறிய ஆலோசனை நிறுவனங்களுக்குப் பல நேரம் அது தோன்றுவதில்லை. சம்பளம் பேசும்போது பழைய சம்பளச் சீட்டைக் கேட்பார்கள். காட்டுங்கள், கூடவே நீங்கள் எடுத்த முப்பது விளம்பரங்களின் எண்ணையும் சொல்லுங்கள்.

இனி உங்கள் மனைவி சொன்னது. அவர் சொல்லும் உதவிகள் உண்மையானவை. 40 ஆனால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி சேரும், மானியம் 90 விழுக்காடு வரை போகும். தகுதி பெற்ற முழுநேரப் படிப்புக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாமல், வாழ்நாளில் மொத்தம் 24 மாதம் வரை கிடைக்கும். உங்கள் சம்பளத்துக்கு ஆறு மாதப் படிப்பு என்றால் 1,900 வீதம் 11,400. 4,000ஐயும் சேர்த்தால் 15,400. காத்திருப்பதன் விலை? மாதம் 500 வெள்ளி உயர்வு ஐந்து வருடம் தள்ளிப்போனால், முதலாளி பங்கோடு 35,100. இன்னொன்று, இப்போது மாறினால் அந்த உதவிகள் பறிபோகாது. 40இல் அவை அப்படியே இருக்கும், அதுவும் அன்றைய கூடுதல் சம்பளத்தின் பாதியாக. அவற்றை இரண்டாவது அடிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது அடி தேவைப்படும் என்பதால்தான் சொல்கிறேன். டிப்ளோமாவோடு இந்தத் துறையில் அளக்கலாம், ஆராயலாம், திட்டத்தை நடத்தலாம். ஆனால் கட்டட, கட்டுமான ஆணையத்துக்குப் போகும் தணிக்கையில் கையெழுத்திடுபவர் பதிவுபெற்ற இயந்திரப் பொறியாளராகவோ பதிவுபெற்ற எரிசக்தித் தணிக்கையாளராகவோ இருக்க வேண்டும். பொறியாளர் பதிவுக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். உங்கள் தாளில் பத்து வருட அனுபவ விளம்பரங்களைப் பாருங்கள். அதிகச் சம்பளம் போட்டவை எத்தனை பட்டம் கேட்கின்றன? பாதிக்கு மேல் என்றால், பகுதிநேரப் பட்டத்தை ஒத்திப்போடலாம், ஒதுக்க முடியாது. ஆனால் அதை இன்று தொடங்காதீர்கள். நாலைந்து வருடப் படிப்பை, ஷிஃப்டும் பழைய சம்பளமும் இருக்கும்போது தொடங்குபவர்கள் இரண்டாம் வருடத்தில் நிறுத்துவது சகஜம். புது வேலையில் ஒரு வருடம் ஆன பிறகு, கட்டணத்தில் ஒரு பங்கை அந்த நிறுவனம் ஏற்குமா என்று கேட்டு முடிவெடுங்கள்.

இருக்கும் கம்பெனியிலேயே இந்த வேலையைக் கொடுத்தால்? நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. "எரிசக்தி அறிக்கையையும் நீங்களே பாருங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு, பதவிப் பெயரும் சம்பளமும் மாறாமல் விடுவது இங்கே நிறைய நடக்கிறது. ஆறு மாதம் பாருங்கள். கடிதம் வராவிட்டால், அறிக்கையோடு வெளியே விண்ணப்பியுங்கள். பதவிப் பெயர் மாறிய கடிதம் மட்டும் வந்து சம்பளம் வராவிட்டாலும் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த நேர்காணலில் அந்தப் பெயருக்கு விலை உண்டு.

பகுதிநேரச் சேர்க்கை பெரும்பாலும் ஏப்ரலிலும் அக்டோபரிலும். விண்ணப்பம் சில மாதங்களுக்கு முன்பே மூடிவிடும். அதனால் மேலாளரிடம் முதலில் கேட்க வேண்டியது சம்பள உயர்வை அல்ல. பதிவுகளைப் பயன்படுத்த அனுமதியும், சேர்க்கை மாதத்திலிருந்து பகல் ஷிஃப்டும். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். பம்ப் 50 ஹெர்ட்ஸில் நிற்கும் படம் ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.